ஆள் தேவை விளம்பரம்: முதலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மன்னார்குடியில் அச்சகத்தோடு சேர்த்து, நாளிதழ்களுக்கு வரி விளம்பரம் எடுத்து அனுப்பும் வேலையும் பார்க்கிறேன். ஆள் தேவை என்று வருகிறவர்களின் விளம்பரத்தைத் திருத்தச் சொன்னால் கேட்கும் சந்தேகங்கள் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றைத் தொகுத்திருக்கிறேன். ஜவுளிக்கடை, உரக்கடை என்று பலரும் வந்தாலும், இந்தப் பக்கம் முழுக்க ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு எழுத ஆள் தேடிய விளம்பரத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

"நல்லாத்தானே எழுதியிருக்கேன், இதுல என்ன குறை?"

ஆலைக்காரர் கொண்டுவந்தது இதுதான்: "உடனடித் தேவை! முன்னணி நிறுவனத்திற்கு டைனமிக்கான, ரிசல்ட் ஓரியண்டட் அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை. பி.காம். கட்டாயம், எம்.காம். / எம்.பி.ஏ. விரும்பத்தக்கது. 5 ஆண்டு அனுபவம் அவசியம். டேலி, ஜி.எஸ்.டி., எம்.எஸ். ஆபீஸ், சரளமான ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். மல்டி டாஸ்கிங் திறமையும் பிரஷரில் வேலை பார்க்கும் மனப்பக்குவமும் உள்ள ஆண்கள் மட்டும் (25–30). இருசக்கர வாகனம் கட்டாயம். சம்பளம் தகுதிக்கேற்ப."

இதைப் படிக்கிற நீடாமங்கலத்துப் பெண்ணோ, கூத்தாநல்லூர்ப் பையனோ தெரிந்துகொள்ள விரும்புவது நான்கு விஷயம்: எங்கே வேலை, என்ன வேலை, எத்தனை மணி வரை, எவ்வளவு சம்பளம். நான்குமே இதில் இல்லை. அரிசி ஆலை என்றுகூட இல்லை, "முன்னணி நிறுவனம்" என்றுதான் இருக்கிறது. ஐந்து முழு வாக்கியங்கள் வருகிறவரிடம் என்னென்ன கேட்பார்கள் என்று சொல்கின்றன. என்ன தருவார்கள் என்பதற்குக் கடைசியில் இரண்டே சொல், அதுவும் பிடிகொடுக்காத சொல்.

"அப்போ எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஆள் ஒரு மாதத்தில் என்ன செய்வார் என்று எழுதுங்கள். தகுதி, குணம், திறமை எதுவும் வேண்டாம். கையால் செய்கிற வேலை மட்டும். நான் ஆலைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டது இவ்வளவு: தினமும் நெல் லாரி வந்ததும் எடைமேடைச் சீட்டைப் பார்த்து டேலியில் கொள்முதல் பதிவு போட வேண்டும். அரிசி, குருணை, தவிடு விற்பனைக்குப் பில் போட வேண்டும். நெல் வியாபாரிகளுக்குப் போக வேண்டிய பணத்தை வங்கி வழியே அனுப்பக் குறிப்பு தயார் செய்ய வேண்டும். சனிக்கிழமை சுமைப்பணிக்காரர்களுக்குக் கூலிக் கணக்கு. மாதம் முடிந்ததும் விற்பனை, கொள்முதல் விவரங்களை ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இந்தப் பட்டியல் கையில் வந்த பிறகு, பழைய விளம்பரத்தில் கேட்டிருக்கும் ஒவ்வொன்றையும் எடுத்து, "இது இந்தப் பட்டியலில் எந்த வேலைக்கு?" என்று கேளுங்கள். பதில் வந்தால் இருக்கட்டும். வராவிட்டால் அடித்துவிடலாம். திருத்தம் என்று நான் செய்வதில் பாதிக்கு மேல் இதுதான்.

"ஜி.எஸ்.டி. தெரியாத ஆளை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது சார்?"

ஜி.எஸ்.டி. என்று ஒரே சொல்லாகப் போட்டால், ரிட்டர்ன் தாக்கல் முதல் நோட்டீசுக்குப் பதில் எழுதுவது வரை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். இந்த ஆலையில் ரிட்டர்ன் போடுவது ஆடிட்டர் அலுவலகம். மாதந்தோறும் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள், ஜி.எஸ்.டி.ஆர்-3பி 20ஆம் தேதிக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் பில் விவரம் ஆடிட்டர் கைக்குப் போய்விட வேண்டும், நம் ஆளின் பங்கு அவ்வளவுதான்.

அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத வரி. அதற்கு மேல் எடையுள்ள பைக்கு வரி இல்லை. கடைகளில் 26 கிலோ பை திடீரென்று வந்தது அதனால்தான். 10 கிலோ பைக்கு வரி போட்டு, 26 கிலோ பைக்கு வரி இல்லாமல் பில் போடத் தெரிய வேண்டும். டேலியில் பில் போட்டுப் பழகியவருக்கு இதை ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆகவே "ஜி.எஸ்.டி. தெரிந்திருக்க வேண்டும்" என்பது "டேலியில் ஜி.எஸ்.டி. பில் போடத் தெரிந்திருக்க வேண்டும், ரிட்டர்ன் தாக்கலை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று மாறியது. பயந்து ஒதுங்க இருந்தவர்களில் பலருக்கு இந்த ஒரு வரி கதவைத் திறந்துவிடும்.

"அஞ்சு வருஷம்னு போட்டாத்தானே மூணு வருஷக்காரனாவது வருவான்?"

ஜவுளிக்கடையில் விலையைக் கூட்டிச் சொல்லிவிட்டுக் குறைக்கிற வழக்கம் இது. விளம்பரத்தில் இது நடப்பதில்லை, ஏனென்றால் பேரம் பேச எதிரில் ஆளே இருக்காது. உள்ளதை உள்ளபடி எடுத்துக்கொள்கிறவர் பேசாமல் நகர்ந்துவிடுவார். "சும்மா போட்டிருப்பாங்க" என்று நினைக்கிறவர் மட்டும் வருவார். கணக்கு எழுத நீங்கள் தேடுவது முதல் ரகம். கழித்துவிடுவதும் அவரைத்தான்.

சரி, எத்தனை வருஷம் வேண்டும்? நெல் வியாபாரத்தில் ஒரு வருஷத்துக்குள் எல்லாமே ஒரு சுற்று வந்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை நெல், ஈரத்தோடு வரும். தை, மாசியில் சம்பா, தாளடி, லாரி வரிசையில் நிற்கும். நடுவில் ஆடிட்டருக்குக் கணக்கு முடித்துக்கொடுக்கிற காலம். ஒரு முழு வருஷம் எங்கேயாவது கடைக்கணக்குப் பார்த்தவருக்கு, ஐந்து வருஷக்காரரிடம் இருப்பதில் பெரும்பாலானது இருக்கும். "ஒரு வருடமாவது ஏதாவது ஒரு கடையிலோ ஆலையிலோ டேலியில் கணக்கு எழுதியவர்" என்று போட்டோம். நெல் கணக்கே தெரிந்த ஆள் கிடைத்தால் நல்லதுதான். அதை "இருந்தால் நல்லது" என்ற வரியில் வைக்கலாம், கட்டாயத்தில் வேண்டாம்.

"டிகிரி, இங்கிலீஷ், வண்டி – இதெல்லாமும் எடுத்துடணுமா?"

மேலே சொன்ன பட்டியலோடு ஒட்டிப் பாருங்கள். பி.காம். எதற்கு? பற்று வரவு புரிய வேண்டும் என்பதற்கு. பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு படித்தவருக்கே அது தெரியும், எனவே "பிளஸ் டூ வணிகவியல் அல்லது பி.காம்." என்றானது. எம்.பி.ஏ. எதற்கு என்று ஆலைக்காரரைக் கேட்டேன். "எல்லாரும் போடறாங்களேன்னு போட்டேன்" என்றார். பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கிறது.

ஆங்கிலத்தில் யாரிடம் பேசப் போகிறார்? லாரி ஓட்டுநர், நெல் வியாபாரி, தவிடு வாங்க வருகிறவர், எல்லாரும் தமிழ்தான். ஆனால் வங்கியிலிருந்து வரும் மெயிலும், இயந்திர உதிரிப்பாகம் வாங்கிய பில்லும் ஆங்கிலத்தில் இருக்கும். "ஆங்கிலத்தில் உள்ள பில்லையும் மெயிலையும் படித்துப் புரிந்துகொண்டால் போதும்" என்று எழுதினோம். வண்டி விஷயத்தில் மட்டும் உண்மையான காரணம் இருந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆலைக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அப்படியானால் தூரத்தைச் சொல்லிவிடுங்கள். சைக்கிளில் வருவதா, வீட்டில் யாரையாவது கொண்டுவந்து விடச் சொல்வதா என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

"டைனமிக், மல்டி டாஸ்கிங்னு போட்டா சுறுசுறுப்பானவங்க வருவாங்கன்னு நெனச்சேன். அதுக்கு பதிலா என்ன போடறது?"

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு காட்சி உங்கள் மனதில் இருக்கும். அதை எழுதுங்கள். "மல்டி டாஸ்கிங்" என்றால் என்ன என்று கேட்டதற்கு ஆலைக்காரர் சொன்னது: பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே லாரிக்காரர் சீட்டு நீட்டுவார், போனும் அடிக்கும். "பிரஷர்" என்றால்? தை, மாசியில் ராத்திரி எட்டரை வரை உட்கார வேண்டியிருக்கும். இரண்டாவது தகவல் சேர்கிறவருக்கு மிக முக்கியம். அதை மனப்பக்குவம் என்ற பெயரில் மறைத்திருந்தார். நேராகவே எழுதிவிட்டோம், அந்த மாதங்களுக்குத் தனிப் படி உண்டு என்பதையும் சேர்த்து. படி தருவதாக ஏற்கெனவே இருந்தது, விளம்பரத்தில்தான் இல்லை.

சிலவற்றுக்குப் பின்னால் எந்தக் காட்சியும் இருக்காது. "ரிசல்ட் ஓரியண்டட்" அப்படிப்பட்டது. கணக்கெழுதுகிறவருக்கு விற்பனை இலக்கு கிடையாது. அடித்துவிட்டோம்.

"அப்போ எல்லாத்தையும் தமிழாக்கிடணுமா?"

வேண்டாம். டேலி, பில், லாரி, ஆடிட்டர் எல்லாம் ஆலைக்குள் தினமும் புழங்குகிற சொற்கள், அப்படியே இருக்கட்டும். வேலைக்கு வந்த பிறகு அந்த ஆள் காதில் ஒருநாளும் விழாத சொல்லைத்தான் எடுக்கச் சொல்கிறேன். "எக்ஸிக்யூட்டிவ்" போய் "கணக்கு எழுத ஆள்" வந்தது அதனால்தான். பதவிப் பெயருக்குக் கௌரவம் வேண்டும் என்று நினைத்தால் "கணக்கர்" என்று போடலாம்.

"சம்பளத்தைப் போட்டா இருக்கிற ஆளுங்க சண்டைக்கு வருவாங்களே?"

புதிதாக வருகிறவருக்கு 15,000, மூன்று வருஷமாக இருப்பவருக்கு 13,500 என்றால், விளம்பரத்தில் போடாவிட்டாலும் முதல் மாதச் சம்பள நாளன்று தெரிந்துவிடும். அதை முதலில் சரிசெய்துவிட்டு விளம்பரம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரே தொகையாகப் போடத் தயக்கமாக இருந்தால் "15,000 முதல் 17,000 வரை" என்று போட்டு, மேல் தொகை யாருக்கு என்றும் எழுதுங்கள்: "அரிசி ஆலையிலோ நெல் மண்டியிலோ கணக்குப் பார்த்தவருக்கு 17,000 வரை." 10,000 முதல் 25,000 வரை என்று போடுவதும் "தகுதிக்கேற்ப" என்று போடுவதும் ஒன்றுதான். எல்லாரும் பத்தாயிரம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கையில் எவ்வளவு வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். முதல் சம்பளத்தன்று வரும் தகராறு பெரும்பாலும் இதில்தான். 15,000 முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், பி.எஃப். 12 சதவீதம் 1,800 ரூபாய், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 113 ரூபாய், கையில் 13,087. 15,000 என்று கேட்டு வந்தவர் 13,000 சொச்சத்தைப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். முன்பே எழுதியிருந்தால் அதே பிடித்தம் ஒரு வசதியாகத் தெரியும், ஏனென்றால் பி.எஃப்.பில் முதலாளி தன் பங்கைப் போடுகிறார், இ.எஸ்.ஐ. இருந்தால் குடும்பத்துக்கு மருத்துவம் கிடைக்கிறது. நம் பக்கத்துச் சின்னக் கடைகள் பலவற்றில் இரண்டும் இல்லை.

"ஆம்பளைங்க மட்டும்னு போடலாமா? ராத்திரி வேலை இருக்கே."

வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்பது 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் முதலே இருக்கும் விதி. இப்போதைய ஊதியச் சட்டத்தொகுப்பிலும் அது உண்டு. சட்டத்தை விட்டாலும் கணக்கு உதைக்கிறது. டேலி படித்துவிட்டு மன்னார்குடி, திருவாரூரில் உள்ளூரிலேயே வேலை தேடுகிறவர்களில் பெண்கள் நிறைய. பையன்களில் பலர் திருப்பூர், சென்னை என்று கிளம்பிவிடுகிறார்கள். இருக்கிற ஆட்களில் ஒரு பெரும் பங்கை நீங்களே கழித்துவிட்டு, ஆள் இல்லை என்கிறீர்கள்.

ராத்திரி எட்டரை என்பது மெய்யான சிக்கல். நேரத்தையும், வீடு திரும்ப என்ன ஏற்பாடு என்பதையும் எழுதுங்கள். ஆலைக்காரர் யோசித்துவிட்டு, அறுவடை மாதங்களில் ஆலை வண்டியிலேயே பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விடுவதாகச் சேர்த்தார். அது ஆண்களுக்கும் உதவும். வயது வரம்பையும் அப்போதே எடுத்தோம். ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஒருவர் வந்தால் வேண்டாம் என்பீர்களா என்று கேட்டேன், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம ஆளுங்களா இருந்தா நல்லது" என்று சாடையாக எழுதித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. அதை நான் அச்சுக்கு எடுப்பதில்லை.

"சரி, மாத்தின விளம்பரம் எப்படி வந்துச்சு, காட்டுங்களேன்."

"மன்னார்குடி அருகே அரிசி ஆலைக்குக் கணக்கு எழுத ஆள் தேவை. சம்பளம் மாதம் ரூ.15,000, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் சுமார் ரூ.13,080. அரிசி ஆலை, நெல் மண்டிக் கணக்குப் பார்த்தவருக்கு ரூ.17,000 வரை. தீபாவளி போனஸ் உண்டு.

வேலை: நெல் கொள்முதல், அரிசி விற்பனை இரண்டையும் டேலியில் பதிவது, பில் போடுவது, வாரக்கூலிக் கணக்கு, மாதக் கடைசியில் ஆடிட்டருக்கு விவரம் அனுப்புவது. ரிட்டர்ன் தாக்கலை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

நேரம்: காலை 9.30 முதல் மாலை 6.30 வரை, ஞாயிறு விடுமுறை. தை, மாசியில் இரவு 8.30 வரை, அதற்குத் தனிப் படி, பேருந்து நிலையம் வரை ஆலை வண்டி.

தேவை: பிளஸ் டூ வணிகவியல் அல்லது பி.காம்., ஒரு வருடமாவது டேலியில் கணக்கு எழுதியிருக்க வேண்டும். ஆங்கில பில், மெயில் படித்துப் புரிந்தால் போதும். ஆலை, பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒன்றரை கி.மீ. பெண்கள், ஆண்கள் இருவரும் வரலாம். முன்பணம் எதுவும் வாங்குவதில்லை, அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்."

இதன் கீழே ஆலையின் பெயர், முகவரி, வாட்ஸ்அப் எண், எத்தனை மணிக்குள் கூப்பிடலாம் என்பது. முன்பணம், சான்றிதழ் பற்றிய கடைசி வாக்கியத்தைப் பலர் தேவையில்லை என்பார்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் பிடுங்கும் கும்பல்கள் இருக்கிற ஊரில், அந்த வாக்கியமும் பெயரும் முகவரியும் இல்லாத விளம்பரத்தை நம்ப ஆளில்லை.

"பேப்பர்ல இவ்வளவு போட்டா காசு தாங்குமா? நாலு வரிதான் எடுக்கப் போறேன்."

நாலு வரியில் ஊர், வேலை, சம்பளம், எண், இந்த நான்கும் வந்தால் போதும்: "மன்னார்குடி அரிசி ஆலைக்குக் கணக்கர். ரூ.15,000 முதல் 17,000 + பி.எஃப். டேலியில் ஒரு வருடம். முழு விவரத்துக்கு வாட்ஸ்அப்பில் 'கணக்கு' என அனுப்பவும்." இதை அடுத்து எண். செய்தி அனுப்பியவருக்கு மேலே உள்ள முழு விளம்பரத்தையும் படமாக அனுப்பிவிடலாம். "உடனடித் தேவை", "அரிய வாய்ப்பு" இரண்டுக்கும் சொல்லுக்குச் சொல் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

காசில்லாமல் போட, தமிழ்நாடு அரசின் tnprivatejobs.tn.gov.in தளத்தில் பதியலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமிலும் சொல்லி வைக்கலாம். அங்கே முழு விளம்பரத்தையே கொடுங்கள்.

"இவ்வளவு இறக்கிட்டா கண்டவங்களும் வந்து குவிய மாட்டாங்களா?"

கூட்டம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். சலிக்கிற வேலையை விளம்பரத்திலிருந்து எடுத்து அடுத்த படிக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதுவரை எங்கே, என்ன பொருளுக்கு டேலியில் பதிவு போட்டீர்கள்?" செய்தவர் இரண்டு வரியில் பதில் எழுதுவார். செய்யாதவர் பயோடேட்டாவை மட்டும் அனுப்புவார்.

நேரில் வந்தவரிடம் ஐந்து எடைச்சீட்டைக் கொடுத்துக் கணினி முன்னால் உட்காரச் சொல்லுங்கள். ஒரு சீட்டில் லாரியோடு 14,260 கிலோ, காலி வண்டி 5,980 கிலோ. நிகர எடை 8,280, அறுபது கிலோ மூட்டைக் கணக்கில் 138 மூட்டை. வியாபாரி சீட்டில் 140 என்று எழுதியிருப்பதாக வேண்டுமென்றே ஒரு தப்பு வையுங்கள். 140ஐ அப்படியே அடிக்கிறாரா, நிமிர்ந்து "இது ரெண்டு மூட்டை இடிக்குதே" என்கிறாரா என்று பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

"எல்லாம் சொன்னபடி மாத்தினேன். அப்பவும் ஆள் நிக்கலையே?"

எந்த இடத்தில் விட்டுப்போகிறார்கள் என்று பாருங்கள். போனே வரவில்லை என்றால் விளம்பரம் போட்ட இடம் சரியில்லை. போன் வந்து, நேரில் வராமல் போனால் பெரும்பாலும் சம்பளம்தான் காரணம். அதற்கு எழுத்தில் மருந்து கிடையாது, பக்கத்து ஆலையில் என்ன தருகிறார்கள் என்று விசாரியுங்கள். சேர்ந்து ஒரு மாதத்துக்குள் போய்விட்டால், விளம்பரத்தில் இல்லாத ஏதோ ஒன்று ஆலையில் இருக்கிறது. போகிறவரையே கேளுங்கள்.

"கணக்கோட குடோன் இருப்பையும் அவரே பாத்துக்கணும். அதை எப்படி நாசூக்கா எழுதறது?"

நாசூக்காக எழுத வழியில்லை. ஐந்து வருஷம், எம்.பி.ஏ., மல்டி டாஸ்கிங் என்று தேவைகள் ஊதிப் பெருப்பதற்குப் பல நேரம் அடியில் இருப்பது இதுதான்: இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளிடம் எதிர்பார்ப்பது. முதலில் சொன்ன மாத வேலைப் பட்டியலில் குடோன் வேலையையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி என்று பக்கத்தில் போட்டுக் கூட்டிப் பாருங்கள். தை மாதத்தில் லாரி வரிசை நிற்கும் நாளில் மூட்டை எண்ணவும் வேண்டும், பில் போடவும் வேண்டும் என்றால் அந்த மணி நேரம் ஒரு நாளில் அடங்காது.

நேரம் அடங்கினாலும் வேறொரு சங்கடம் உண்டு, உங்கள் ஆடிட்டரும் இதையேதான் சொல்வார். மூட்டையை எண்ணுகிறவரும் கணக்கில் ஏற்றுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், எண்ணிக்கை குறையும்போது கணக்கையும் அதற்கேற்பக் குறைத்து எழுதிவிடலாம். உங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த ஆலைக்காரர் குடோன் சாவியையும் இருப்பு நோட்டையும் எடைமேடையில் நெடுநாளாக இருக்கும் பெரியவரிடமே விட்டுவிட்டு, அவருக்கு மாதம் ஆயிரம் கூட்டிக் கொடுத்தார். கணக்கருக்கான விளம்பரத்தில் குடோன் என்ற சொல்லே வரவில்லை.